புதுப்பிப்புப் பிரீமியத்தில் சேர்ந்து வரும் இரண்டு உயர்வுகள்

மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் அறிவிப்பில் பெரும்பாலும் ஒரே ஒரு தொகைதான் இருக்கும். சென்ற ஆண்டு கட்டிய பிரீமியத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிறவர் முதலில் கேட்பது, "நான் ஒரு க்ளெய்ம்கூடச் செய்யவில்லையே, எனக்கு ஏன் கூட்டினார்கள்?" என்பதுதான். காப்பீட்டுக் கட்டணங்களைக் கணக்கிடும் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில், நியாயமான இந்தக் கேள்விக்கு நியாயமான பதில் பெரும்பாலோருக்குக் கிடைப்பதே இல்லை என்பது எனக்குத் தெரியும். "வயதாகிவிட்டது, மருத்துவச் செலவும் ஏறிவிட்டது" என்ற ஒற்றை வரியில் முகவரும் முடித்துவிடுவார், வாடிக்கையாளர் சேவை மையமும் முடித்துவிடும். அந்த வரியில் சொல்லப்படும் இரண்டு காரணங்களும் வெவ்வேறு கணக்குகளிலிருந்து வருபவை. ஒன்று, நீங்கள் பாலிசி வாங்கிய நாளிலேயே அச்சில் இருந்தது. மற்றொன்று, அந்த நாளில் யாருக்குமே தெரியாதது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், எதைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் வயதை எடுத்துக்கொள்கிறேன். ஒரு காப்பீட்டுத் திட்டம் விற்பனைக்கு வரும்போது, அதனுடன் ஒரு கட்டண அட்டவணையும் வருகிறது. இடப்பக்கம் வயதும் மேல் வரிசையில் காப்புத் தொகையும் இருக்கும். சில நிறுவனங்கள் ஒவ்வொரு வயதுக்கும் தனி வரி போடுகின்றன. பல நிறுவனங்கள் 46 முதல் 50, 51 முதல் 55 என்று ஐந்தைந்து ஆண்டுகளாகத் தொகுத்து விடுகின்றன. மருத்துவக் காப்பீடு பொதுவாக ஓராண்டு ஒப்பந்தம். இந்த ஆண்டு வாங்கும் பிரீமியம் இந்த ஆண்டின் சிகிச்சைச் செலவுக்கானது. அதில் மிச்சம் பிடித்து உங்கள் முதுமைக்கென்று யாரும் எடுத்து வைப்பதில்லை. ஆகவே அடுத்த ஆண்டு நீங்கள் அட்டவணையில் ஒரு வரி கீழே இறங்கும்போது, அந்த வரியில் இருக்கும் தொகையைக் கட்டுகிறீர்கள். நீங்கள் க்ளெய்ம் செய்தீர்களா இல்லையா என்பதற்கும் இந்த நகர்வுக்கும் தொடர்பில்லை.

வயதுக்கேற்ப செலவு எவ்வளவு ஏறுகிறது என்பதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. அமெரிக்காவில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு அரசே ஒரு வயதுக் குணக வரிசையை வெளியிட்டிருக்கிறது. அதில் 21 வயதுக்காரரின் கட்டணத்தை 1 என்று வைத்தால், 40 வயதில் 1.278, 50 வயதில் 1.786, 60 வயதில் 2.714, 64 வயதில் 3 என்று போகிறது. முதல் 19 ஆண்டுகளில் ஏறுவது வெறும் 28 சதவீதம். 50க்கும் 60க்கும் இடையிலான பத்து ஆண்டுகளில் மட்டும் 52 சதவீதம். அதாவது ஐம்பதைக் கடந்த பிறகு ஆண்டுக்குச் சராசரியாக 4 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக, வயது என்ற ஒரே காரணத்தால் கட்டணம் கூடுகிறது. அதுவும் மூத்தவர்களிடம் இளையவர்களைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் வரம்பு கட்டிய பிறகு கிடைக்கும் எண் இது. வரம்பு இல்லாத இடங்களில் ஏற்றம் இன்னும் செங்குத்தாகவே இருக்கும்.

இதே ஏற்றம் ஐந்தாண்டுத் தொகுப்பாக வரும்போது பார்ப்பவர் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிகிறது. நான்கு ஆண்டுகள் வயதின் பெயரில் எதுவும் கூடுவதில்லை. ஐந்தாவது புதுப்பிப்பில் ஒரே அடியாக இருபத்தைந்து முப்பது சதவீதம் கூடிவிடுகிறது. உண்மையில், ஒரு தொகுப்புக்குள் புதிதாக நுழைந்தவர் தன் வயதின் செலவைவிடச் சற்று அதிகமாகக் கட்டுகிறார், அதே தொகுப்பின் கடைசி ஆண்டில் இருப்பவர் சற்றுக் குறைவாகக் கட்டுகிறார். ஐந்து ஆண்டுகளையும் கூட்டினால் பெரிய வித்தியாசம் வராது. ஆனாலும் ஆண்டுதோறும் வரி மாறும் அட்டவணைதான் நேர்மையானது என்பது என் எண்ணம். 55 வயது முடிந்து 56 தொடங்கும் ஒரே நாளில் யாருடைய உடலும் கால் மடங்கு நலிந்துவிடுவதில்லை. அதிர்ச்சி தரும் அந்தப் படிக்கட்டு முழுக்க முழுக்க அட்டவணையை அமைத்தவர்களின் வசதிக்காக வந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். ஆயுள் காப்பீட்டில் முப்பது வயதில் தொடங்கிய பிரீமியம் அறுபது வயதுவரை மாறாமல் இருக்கிறதே, மருத்துவக் காப்பீட்டில் ஏன் முடியாது? ஜேம்ஸ் டாட்சன் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், 45 வயதைக் கடந்துவிட்டார் என்ற காரணத்துக்காக ஒரு பழைய காப்பீட்டுச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்படாதபோது, சேரும் வயதுக்கேற்ற நிலையான பிரீமியத்தை வாழ்நாள் முழுவதும் கட்டும் முறையைக் கணக்கிட்டார். இளமையில் தேவைக்கு மேல் வாங்கி, முதுமையின் பற்றாக்குறைக்குச் சேமித்து வைக்கும் அந்த ஏற்பாட்டின் மேல்தான் 1762இல் லண்டனில் ஈக்விட்டபிள் சங்கம் எழுந்தது. ஆயுள் காப்பீட்டில் இது நடப்பதற்குக் காரணம், கொடுக்க வேண்டிய தொகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருப்பதுதான். இறப்பு எப்போது என்பது மட்டுமே நிச்சயமற்றது. அதையும் பெருங்கூட்டத்தில் நன்றாகவே கணிக்கலாம். மருத்துவக் காப்பீட்டிலோ முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் அறுவை சிகிச்சை என்ன விலையில் இருக்கும், இன்று இல்லாத எந்தச் சிகிச்சை அன்று வழக்கமாகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜெர்மனியின் தனியார் மருத்துவக் காப்பீடு இதை முயன்று பார்த்திருக்கிறது. அங்கே இளமையில் கூடுதலாக வாங்கி முதுமைக்கென்று ஒரு நிதி ஒதுக்கப்படுகிறது. சேர்ந்த பிறகு வயது கூடியதை மட்டும் காரணமாக்கிப் பிரீமியத்தை உயர்த்த முடியாது. ஆனாலும் அங்கேயும் பிரீமியம் உயர்கிறது. கணித்த செலவிலிருந்து உண்மைச் செலவு 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் முழுத் திட்டத்தின் கட்டணத்தையும் மறுபரிசீலனை செய்தாக வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தத்தில் இந்த வரம்பை 5 சதவீதமாகவும் குறைத்து வைக்கலாம். திருத்தத்துக்கு நிறுவனத்தைச் சாராத ஒரு பொறுப்பாளர் ஒப்புதல் தர வேண்டும். ஆஸ்திரேலியாவில் இன்னொரு வழி: உறுப்பினருக்கு முதுமை வந்துவிட்டது என்பதற்காகக் கூடுதல் கட்டணம் வாங்க அங்கே இடமில்லை, 30 வயதுக்குப் பிறகு தாமதமாக மருத்துவமனைக் காப்பீட்டில் சேருபவருக்கு மட்டும் தாமதித்த ஆண்டுக்கு 2 சதவீதம் கூடும். அங்கேயும் பிரீமியங்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன. வயதின் பங்கை முழுதாக அகற்றினாலும் மிஞ்சி நிற்பதுதான் இரண்டாவது உயர்வு: அட்டவணையே மாறுவது.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்பதற்கு ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு அவருக்கு 55 வயது, பிரீமியம் 21,000. இந்த ஆண்டு 56, கேட்கும் பிரீமியம் 30,780. எந்த நாணயம் என்பது முக்கியமில்லை. அரசுக்குக் கட்டும் வரியைக் கழித்த தொகைகளாக மட்டும் கொள்ளுங்கள். உயர்வு ஏறக்குறைய 47 சதவீதம். அவர் செய்ய வேண்டிய முதல் வேலை, தன்னுடைய பழைய பாலிசியோடு வந்த அட்டவணையை எடுத்து, அதில் 56 முதல் 60 வரையிலான வரியைப் பார்ப்பது. அங்கே 27,000 என்று இருக்கிறது. ஆக, அட்டவணை மாறாமலே இருந்திருந்தாலும் அவர் 27,000 கட்டியிருக்க வேண்டும். 21,000இலிருந்து 27,000 ஆன 6,000 வயதின் பங்கு. 27,000இலிருந்து 30,780 ஆன 3,780, அதாவது 14 சதவீதம், திட்டத்தின் கட்டணத் திருத்தம்.

இந்தப் பிரிப்பு ஏன் அவசியம் என்றால், 47 சதவீதம் என்ற எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்திடம் எதையும் கேட்க முடியாது. 6,000 பற்றிக் கேட்டால், வாங்கும்போதே காட்டிய அட்டவணையைக் காட்டுவார்கள். அது அவர்கள் தரப்பில் சரி. கேட்க வேண்டியது அந்த 14 சதவீதத்தைப் பற்றி. பழைய அட்டவணை கையில் இல்லாதவர்கள், தங்கள் வயதுக்கான கட்டணத்தைப் பழைய அட்டவணைப்படியும் புதிய அட்டவணைப்படியும் தனித்தனியே எழுத்தில் தரும்படி நிறுவனத்தைக் கேட்கலாம். அத்துடன் காப்புத் தொகை தானாகக் கூட்டப்பட்டிருக்கிறதா, சென்ற ஆண்டு கொடுத்த ஏதேனும் தள்ளுபடி இந்த ஆண்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். தள்ளுபடி நீக்கம் திருத்தத்தின் நிழலில் ஓசையில்லாமல் போய்விடும்.

இனி அந்த 14 எங்கிருந்து வந்தது என்பதற்குள் போகலாம். முழுத் திட்டத்துக்கும் கட்டணத்தைத் திருத்தும் வேலையை நிறுவனத்தின் ஆக்சுவரி, அதாவது காப்பீட்டுக் கணிப்பாளர், செய்கிறார். அவர் எடுத்துக்கொள்வது உங்கள் தனி வரலாற்றை அல்ல. அந்தத் திட்டத்தில் இருக்கும் எல்லோருடைய பிரீமியத்தையும் எல்லோருடைய க்ளெய்ம்களையும். இந்தியா உட்படப் பல நாடுகளில், தனிநபர் பாலிசியில் ஒருவர் செய்த க்ளெய்மை வைத்து அவருக்கு மட்டும் புதுப்பிப்பில் கட்டணத்தைக் கூட்டுவதற்கு அனுமதியில்லை. க்ளெய்ம் செய்யாதவருக்கு ஏன் கூடியது என்ற கேள்விக்கு விடை இதே விதியின் மறுபக்கத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும் இதே 14தான்.

நம் திட்டத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டுக்குரிய பிரீமியம் 100 என்று வைத்தால், கொடுத்து முடித்த க்ளெய்ம்கள் 56. ஆனால் டிசம்பரில் மருத்துவமனையில் இருந்தவரின் பில் மார்ச்சில் வரலாம். நடந்துவிட்டது, ஆனால் இன்னும் வந்து சேரவில்லை என்ற வகையில் மேலும் 4 சேர்த்தால் 60. நிறுவனத்தின் நிர்வாகச் செலவு, முகவர் தரகு, ஒரு சிறு லாபம் எல்லாம் சேர்ந்து 35 என்றால், க்ளெய்ம்களுக்கு 65 வரை இடம் இருக்கிறது. 60தான் ஆகியிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர், "இன்னும் 5 மிச்சமிருக்கிறதே, எதற்கு உயர்வு?" என்று கேட்பார். இந்த இடத்தில்தான் காலம் உள்ளே வருகிறது.

2023 முழுவதும் பரவியிருக்கும் க்ளெய்ம்களின் சராசரி நாள் 2023 ஜூலை 1. புதிய அட்டவணை 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது, அடுத்த ஓராண்டுக்குப் பயன்படுத்தப்படும் என்று கொள்வோம். 2025 ஏப்ரல் 1 அன்று புதுப்பித்தவருக்கு 2026 மார்ச் வரை காப்பு. 2026 மார்ச் 31 அன்று புதுப்பித்தவருக்கு 2027 மார்ச் வரை காப்பு. ஆக, இந்த அட்டவணையின்படி வாங்கும் பிரீமியம் இரண்டாண்டுகள் முழுவதும் பரவிய சிகிச்சைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டும். அவற்றின் நடு நாள் 2026 ஏப்ரல் 1. ஜூலை 2023இலிருந்து ஏப்ரல் 2026 வரை இரண்டே முக்கால் ஆண்டுகள். சிகிச்சைச் செலவு ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால், இந்த இடைவெளியில் 60 என்பது 74ஐத் தாண்டிவிடும். 74ஐ 65ஆல் வகுத்தால் 1.14. அந்த 14 சதவீதம் இதுதான்.

இரண்டே முக்கால் ஆண்டு என்ற இந்த நீளம் வாடிக்கையாளர்களுக்கு யாரும் விளக்காத ஒன்று. தரவு திரட்டவும், தாமதமான பில்கள் வந்து சேரவும், கணக்கிடவும், ஒழுங்குமுறை ஆணையத்திடம் தாக்கல் செய்யவும், புதுப்பிப்போருக்கு முன்கூட்டியே அறிவிக்கவும் ஏற்படும் காலதாமதம் இதில் அடங்கியிருக்கிறது. மருத்துவச் செலவு ஓராண்டில் 8 சதவீதம் ஏறியது என்று செய்தியில் படித்தவர் 14ஐப் பார்த்துத் திகைப்பது இயல்பு. முந்தைய திருத்தம் எப்போது நடந்தது என்று பார்த்தால்தான் அந்தத் திகைப்பு நியாயமானதா என்பது விளங்கும். சென்ற ஆண்டும் திருத்தியிருந்தால், இந்த ஆண்டின் 14க்கு 8 சதவீத ஏற்றம் மட்டும் விளக்கமாகாது. வேறு காரணம் இருந்தாக வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளாகத் தொடாமல் வைத்திருந்தால் அது எதிர்பார்க்கக்கூடியதே.

8 சதவீதம் என்ற அந்த ஏற்ற விகிதத்தை எப்படி அளந்தார்கள் என்பது, என் அனுபவத்தில், முழுக் கணக்கிலும் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். ஒரு திட்டத்தில் ஒரு நபருக்கான சராசரி க்ளெய்ம் ஓராண்டில் 11 சதவீதம் கூடியிருக்கிறது என்று தரவு சொல்லலாம். ஆனால் அந்த ஓராண்டில் திட்டத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு வயது கூடியிருக்கிறது. புதிதாக இளையவர்கள் சேர்ந்து அதை ஓரளவு ஈடுகட்டியிருந்தாலும், 3 சதவீதம் வயதால் ஏறியிருக்கிறது என்று வைத்தால், உண்மையான சிகிச்சை விலையேற்றம் 8தான். அந்த 3ஐ உறுப்பினர்கள் ஏற்கெனவே அட்டவணையில் கீழ் வரிக்கு இறங்கியதன் மூலம் கட்டிவிட்டார்கள். அதைப் பிரிக்காமல் 11 என்ற முழு விகிதத்தையும் இரண்டே முக்கால் ஆண்டுக்குப் பெருக்கினால், தேவைப்படும் திருத்தம் 14க்குப் பதிலாக 23 சதவீதத்துக்கு அருகில் வரும். வயதின் பங்கை அதே உறுப்பினரிடம் இருமுறை வாங்கியதாக ஆகிவிடும். திறமையான ஆக்சுவரி இந்தத் தவற்றைச் செய்ய மாட்டார். ஆனால் தாக்கல் செய்யப்பட்ட ஆவணத்தில் விலையேற்றம் வயது மாற்றத்தைக் கழித்து அளக்கப்பட்டதா என்பது ஒரு வரியாவது இருக்க வேண்டும், அதைப் பரிசீலிப்பவர்கள் முதலில் அதைத் தேட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. புதிதாகத் தொடங்கிய திட்டத்தின் முதல் இரண்டாண்டுக் கணக்கு எப்போதும் அழகாகவே இருக்கும். சேரும்போது உடல்நிலை விசாரிக்கப்பட்டிருக்கும். முன்பே இருந்த நோய்களுக்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அதே வயதுடைய பொதுமக்களைவிட இவர்கள் குறைவாகவே க்ளெய்ம் செய்வார்கள். காத்திருப்புக் காலம் முடிய முடிய, உடல்நிலை விசாரணையின் பலனும் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துபோகும். அந்த முதல் ஆண்டுகளின் 45, 50 என்ற எண்களைப் பார்த்து, விற்பனைப் பிரிவு கட்டணத்தை அப்படியே வைத்திருக்கச் சொல்லும். நான்காம் ஆண்டில் அது 70ஐத் தாண்டும்போது முப்பது சதவீதத் திருத்தம் ஒரே அடியாக வரும். இதில் வாடிக்கையாளருக்கு நேர்ந்தது விலையேற்றம் அல்ல. தொடக்கத்திலேயே குறைவாகப் போட்ட விலையின் நிலுவை. சந்தையில் ஒரு புதிய திட்டம் அதே வயதுக்கு, அதே பலன்களுக்கு மற்றவற்றைவிடக் கணிசமாகக் குறைவாக இருந்தால், அந்த வித்தியாசம் நான்காவது புதுப்பிப்பிலும் இருக்குமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

திருத்தத்தைத் தள்ளிப் போடுவதில் இன்னொரு கேடு இருக்கிறது. பெரிய உயர்வு வரும்போது யார் வெளியேறுகிறார்கள் என்பது தற்செயலாக நடப்பதல்ல. ஒரு திட்டத்தில் 1,000 பேர் இருக்கிறார்கள். 800 பேர் ஆரோக்கியமானவர்கள், ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரி க்ளெய்ம் 40. மீதி 200 பேர் நோயுள்ளவர்கள், ஒருவருக்கு 300. மொத்தம் 92,000, ஆளுக்கு 92. கட்டணம் ஏறியதும் ஆரோக்கியமானவர்களில் 300 பேர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுகிறார்கள், ஏனென்றால் அவர்களை எந்த நிறுவனமும் விரும்பிச் சேர்த்துக்கொள்ளும். நோயுள்ளவர்கள் போக இடமில்லாமல் அங்கேயே இருக்கிறார்கள். இப்போது 700 பேர், மொத்தச் செலவு 80,000, ஆளுக்கு 114. எந்த மருத்துவமனையும் விலையை ஏற்றாமலேயே செலவு 24 சதவீதம் கூடிவிட்டது. அடுத்த திருத்தம் இந்த 24ஐயும் விலையேற்றத்தையும் சேர்த்து வரும், அதைப் பார்த்து மேலும் சிலர் போவார்கள்.

புதிய ஆட்கள் தொடர்ந்து சேர்ந்துகொண்டிருக்கும்வரை இந்தச் சுழல் மெதுவாகவே ஓடும். ஒரு திட்டத்தைப் புதியவர்களுக்கு விற்பதை நிறுவனம் நிறுத்திவிட்டால், அதன் வேகம் கூடுகிறது. பழைய உறுப்பினர்களுக்குப் புதுப்பிப்பு தொடரும். ஆனால் கூட்டத்தின் சராசரி வயதும் நோயும் ஏறிக்கொண்டே போகும், செலவைப் பகிர்ந்துகொள்ள ஆட்கள் குறைந்துகொண்டே போவார்கள். அமெரிக்காவில் இதைத் தடுக்க, ஒரு மாநிலத்தில் ஒரு நிறுவனம் விற்கும் தனிநபர் திட்டங்கள் எல்லாவற்றையும், சில பழைய பாலிசிகள் நீங்கலாக, ஒரே கூட்டமாகக் கருதித்தான் கட்டணம் கணக்கிட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் வேறொரு கடிவாளத்தைப் போட்டது: மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் முன்கூட்டியே ஆணையத்துடன் கலந்தாலோசிக்க வேண்டும். இது ஓராண்டின் அதிர்ச்சியைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏற்றத்துக்கு அடிப்படையான செலவை அது குறைப்பதில்லை. தேவை 14ஆகவும் அனுமதி 10ஆகவும் இருந்தால், மிச்சம் அடுத்த ஆண்டுக்குப் போகும், அல்லது அட்டவணையில் இளையவர்களின் வரிகளில் ஏறும். முதலாவது முறைதான் எனக்கு மிகவும் விரும்பத்தக்கதாகத் தோன்றுகிறது, எப்படியும் கட்ட வேண்டியதை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கட்டுவது ஒரு குடும்பத்துக்குத் திட்டமிட உதவும், ஆரோக்கியமானவர்கள் ஒரே நாளில் கூட்டமாக வெளியேறுவதையும் அது குறைக்கும்.

மூடப்பட்ட திட்டத்தில் நாம் இருக்கிறோமா என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் திட்டத்தின் பெயரைத் தேடி, புதிதாக வாங்குவதற்கான வழி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனையிலிருந்து விலக்கப்பட்டவற்றின் பட்டியலில் அது இருந்தாலோ, ஏறக்குறைய அதே பலன்களோடு வேறு பெயரில் ஒரு திட்டம் உங்கள் வயதுக்கே குறைந்த விலையில் விற்கப்பட்டாலோ, உங்கள் கூட்டம் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அதே நிறுவனத்துக்குள்ளேயே புதிய திட்டத்துக்கு மாற்றிக் கேட்பது இந்த நிலையில் முதல் முயற்சியாக இருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பழைய ஆண்டுகளின் பதிவு அங்கேயே இருக்கிறது.

உதாரணத்தில் பார்த்த 56 வயதுக்காரர் அடுத்து என்ன செய்யலாம் என்பது, அவருடைய 14 சதவீதம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. திட்டம் இன்னும் விற்பனையில் இருக்கிறது, கடந்த திருத்தம் மூன்றாண்டுகளுக்கு முன் நடந்தது என்றால், வெளியேறுவதால் அவருக்கு லாபமில்லை. போகும் இடத்திலும் அவர் 56 வயதுக்கான வரியில்தான் நிற்பார், அங்கேயும் விரைவில் ஒரு திருத்தம் வரும். திட்டம் மூடப்பட்டிருக்கிறது, இது அடுத்தடுத்து வந்த மூன்றாவது இரட்டை இலக்க உயர்வு என்றால், உடல்நிலை நன்றாக இருக்கும்போதே மாறுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போது புதிய நிறுவனம் பழைய காத்திருப்புக் காலத்தைக் கழித்துக்கொள்கிறதா, எந்தக் காப்புத் தொகைவரை கழித்துக்கொள்கிறது, புதிதாக எந்த நோய்க்கு விலக்கு எழுதுகிறது என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய பாலிசி ஏற்கப்பட்டு, அதன் ஆவணம் கைக்கு வரும்வரை பழையதன் புதுப்பிப்புத் தேதியைக் கடக்க விடக் கூடாது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சில வாரங்கள் ஆகும் என்பதால், இந்த விசாரணைகளை அறிவிப்பு வந்த பிறகு அல்ல, அதற்கு முன்பே தொடங்க வேண்டியிருக்கும்.